கட்டிய வரி வேறு, செலவான வரி வேறு

கோவை கணபதிப் பகுதியில் அண்ணன், தம்பி இருவர் கூட்டாக நடத்தும் ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். பம்ப் கம்பெனிகள் கொடுக்கும் வார்ப்புகளைக் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க்தான் தொழில். பதிவு செய்த கூட்டாண்மை நிறுவனம். அனுமான வருமான முறையில் சேராமல் முழுக் கணக்கும் எழுதுகிறார்கள். பட்டறை கற்பனை என்றாலும், அதன் பேரேட்டில் இருக்கும் குழப்பத்தைச் சிறு நிறுவனங்களின் கணக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

2024-25 நிதியாண்டுக்கான பேரேட்டில் ‘இன்கம்டாக்ஸ்’ என்று ஒரே ஒரு கணக்கு இருக்கிறது. அதில் ஐந்து பதிவுகள். ஜூனில் 25,000 ரூபாய், ஜூலையில் 38,000, செப்டம்பரில் 50,000, டிசம்பரில் 50,000, மார்ச்சில் 45,000. மொத்தம் 2,08,000 ரூபாய். “இந்த வருஷம் இன்கம்டாக்ஸுக்கே ரெண்டு லட்சத்து எட்டாயிரம் போயிருச்சுங்க” என்று அண்ணன் சொல்கிறார். வங்கியிலிருந்து அவ்வளவு போனது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டின் வரிச்செலவு அது இல்லை. அந்த ஆண்டுக்காகக் கட்டிய வரியும் அது இல்லை. இன்னும் கட்ட வேண்டிய பாக்கி எவ்வளவு என்பதையும் அது சொல்லாது. மூன்று வெவ்வேறு தொகைகள் ஒரே தலைப்பில் கலந்து, மூன்றுமே காணாமல் போய்விட்டன.

முதலில் அந்த ஐந்து பதிவுகளைப் பிரித்துப் பார்ப்போம். ஜூலையில் போன 38,000 ரூபாய் இந்த ஆண்டுக்கானதே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டின் வருமானத்துக்குக் கட்டாமல் நின்ற பாக்கி அது. ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கு முன் கட்டிய சுயமதிப்பீட்டு வரி. மற்ற நான்கும் நடப்பு ஆண்டின் அட்வான்ஸ் டாக்ஸ். அவற்றின் கூட்டுத்தொகை 1,70,000.

அட்வான்ஸ் டாக்ஸ் என்பது பெயரில் உள்ளபடியே முன்பணம்தான். ஆண்டு முடிந்து லாபம் தெரிந்த பிறகு மொத்தமாக வரி கேட்காமல், வருமானம் வர வர நீங்களே உத்தேசித்து நான்கு தவணையாகக் கட்டுங்கள் என்கிறது சட்டம். டி.டி.எஸ். போக ஆண்டு வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரும் என்றால் இந்தக் கடமை உண்டு. ஜூன் 15-க்குள் 15 விழுக்காடு, செப்டம்பர் 15-க்குள் மொத்தம் 45, டிசம்பர் 15-க்குள் மொத்தம் 75, மார்ச் 15-க்குள் முழுவதும் கட்டியிருக்க வேண்டும். அனுமான வருமான முறையில் இருப்பவர்களுக்கு மார்ச் 15 என்ற ஒரே தவணைதான். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறினாலும் இந்தத் தவணை முறை மாறவில்லை.

கூட்டாண்மை நிறுவனத்துக்கு வரி விகிதம் 30 விழுக்காடு. அதன் மேல் 4 விழுக்காடு செஸ். ஆக, வரிக்குரிய வருமானத்தில் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 31 ரூபாய் 20 காசு. ஒரு கோடிக்கு மேல் வருமானம் போனால் வரும் கூடுதல் வரி நம் பட்டறைக்கு வேண்டாத கதை. தனிநபர்களுக்கு உள்ளதுபோல வரியில்லா வரம்பு எதுவும் நிறுவனத்துக்குக் கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே வரி உண்டு.

2024 ஜூனில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து உத்தேசம் போட்டார்கள். பங்குதாரர் சம்பளமெல்லாம் போக எட்டு லட்சம் லாபம் நிற்கும் என்றார்கள். அதற்கு வரி 2,49,600. பம்ப் கம்பெனிகள் பில் தொகையில் பிடிக்கும் டி.டி.எஸ். 84,000 வரும் என்று கழித்தால் மிச்சம் 1,65,600. அதில் 15 விழுக்காடு 24,840. ஆகவே 25,000 கட்டினார்கள். அடுத்த இரண்டு தவணைகளும் அதே உத்தேசத்தில் போயின.

இந்த 25,000-ஐ எழுதும் இடத்தில்தான் முதல் பிழை நேர்கிறது. கையிலிருந்து பணம் போனதும் ‘செலவு’ என்று எழுதக் கை பழகியிருக்கிறது. ஆனால் ஜூனில் அந்த ஆண்டின் லாபம் இன்னும் பிறக்கவே இல்லை. லாபம் இல்லாதபோது அதன் மீதான வரி எப்படிச் செலவாகும்? ஆண்டு நட்டத்தில் முடிந்தால் இந்தப் பணம் திரும்பி வரும். திரும்பக் கேட்கும் உரிமை உள்ள பணம் சொத்துதான். கட்டட வாடகைக்குக் கொடுத்த முன்பணத்தை யாரும் அந்த மாதச் செலவில் எழுதுவதில்லையே, அப்படித்தான் இதுவும். சரியான பதிவு இது:

அட்வான்ஸ் டாக்ஸ் 2024-25 க/கு — பற்று 25,000
வங்கிக் க/கு — வரவு 25,000

கணக்கின் பெயரிலேயே ஆண்டைச் சேர்த்துவிடுவது நல்லது. டேலியில் எழுதுபவர்கள் இந்தக் கணக்கை `Loans & Advances (Asset)` என்ற குழுவில் திறக்க வேண்டும். பலர் `Indirect Expenses` குழுவில் திறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு தேர்வு போதும், அதன் பிறகு போடும் ஒவ்வொரு தவணையும் தானாகவே இலாப நட்டக் கணக்குக்குப் போய்விடும்.

அட்வான்ஸ் டாக்ஸுக்கு ஒரு தம்பி உண்டு. டி.டி.எஸ்.தான் அது. பட்டறை ஒரு லட்ச ரூபாய்க்கு, ஜி.எஸ்.டி. நீங்கலாக, பில் போடுகிறது. பம்ப் கம்பெனி அதில் 2 விழுக்காடு பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டு மீதியை அனுப்புகிறது. பட்டறையின் வங்கிக்கு இரண்டாயிரம் ரூபாய் வரவே இல்லை என்பதால் பலர் அதை எழுதுவதும் இல்லை. ஆனால் அது பட்டறையின் பெயரில் அரசிடம் கட்டப்பட்ட வரி. அட்வான்ஸ் டாக்ஸைப் போலவே அதுவும் சொத்து. பணம் வரும்போது வங்கிக்கும், டி.டி.எஸ். வரவேண்டியது 2024-25 என்ற கணக்குக்கும் பற்று எழுதி, வாடிக்கையாளர் கணக்கில் முழுத் தொகையையும் வரவு வைக்க வேண்டும்.

இதைச் செய்யாத கணக்கைக் கண்டுபிடிப்பது எளிது. கடனாளிகள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒழுங்காகப் பணம் கொடுக்கும் கம்பெனியின் பெயரில் 2,000, 1,340, 860 என்று சில்லறைப் பாக்கிகள் நிற்கும். ஒவ்வொன்றையும் அதன் பில்லோடு ஒப்பிட்டால் சரியாக 2 விழுக்காடு வரும். யாரும் தராத பணம் அது, வசூலிக்கவும் முடியாது. ஏற்கெனவே வரியாகக் கட்டப்பட்டுவிட்டது. நம் பட்டறையில் அந்த ஆண்டு இப்படி 46 லட்ச ரூபாய் பில்களுக்குப் பிடித்தம் நடந்தது. 92,000 ரூபாய் இப்படிக் கடனாளிகள் பட்டியலுக்குள் ஒளிந்திருந்தது.

இனி மார்ச் 31. புதிதாக வந்த ஆர்டர்களால் உத்தேசித்த எட்டு லட்சம் இல்லை, பத்து லட்சம் லாபம் நின்றது. தேய்மானத்தைக் கணக்கிலும் வரியிலும் ஒரே விகிதத்தில் போடுவதால் வரிக்குரிய வருமானமும் அதுவே என்று வைத்துக்கொள்வோம். வரி 3,12,000 ரூபாய். இதுதான் அந்த ஆண்டின் வரிச்செலவு. இதுவரை எவ்வளவு கட்டினோம், எப்போது கட்டினோம் என்பதற்கும் இந்தத் தொகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் இருந்திருந்தாலும் செலவு 3,12,000தான். ஐந்து லட்சம் கட்டியிருந்தாலும் அதுவேதான். இந்த இடம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும். மார்ச் 31 தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுத வேண்டியது:

வருமான வரிச்செலவுக் க/கு — பற்று 3,12,000
வருமான வரி ஒதுக்கு 2024-25 க/கு — வரவு 3,12,000

முதல் வரி இலாப நட்டக் கணக்குக்குப் போகிறது. இரண்டாவது வரி இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாக நிற்கிறது. அரசுக்கு நாம் பட்ட கடன் அது. அந்தக் கடனுக்கு எதிராக ஏற்கெனவே கொடுத்து வைத்த இரண்டு சொத்துகள் இருக்கின்றன, அட்வான்ஸ் டாக்ஸ் 1,70,000, டி.டி.எஸ். 92,000. இரண்டையும் கழித்தால் நிற்கும் 50,000 ரூபாய்தான் செலுத்த வேண்டிய வரி. இருப்புநிலைக் குறிப்பில் ஒதுக்கைக் காட்டி, அதிலிருந்து இவ்விரண்டையும் கழித்து, நிகரமாக 50,000 என்று காட்டுவது வழக்கம். ஒருவேளை கட்டியது 3,12,000-க்கு மேல் இருந்தால் இதே கழித்தல் தலைகீழாகி, சொத்துப் பக்கத்தில் திரும்பி வரவேண்டிய வரியாக நிற்கும்.

கட்டியது அரசிடம் கொடுத்து வைத்த பணம். செலவு அந்த ஆண்டு லாபத்தின் மீது விழுந்த சுமை. பாக்கி இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி.

இப்போது பழைய பேரேட்டின் பிழை எவ்வளவு பெரியது என்று பார்க்கலாம். அதில் வரி என்று 2,08,000-ஐக் கழித்து, நிகர லாபம் 7,92,000 என்று இருவரும் சரிபாதியாக முதல் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்கள். சரியான நிகர லாபம் 6,85,340. (3,12,000-த்தோடு 2,660 ரூபாய் வட்டியும் சேர்கிறது. அதற்கு வருகிறேன்.) வித்தியாசம் 1,06,660 ரூபாய். இல்லாத லாபத்தைத் தலைக்கு ஐம்பத்து மூவாயிரம் வீதம் தங்களுடையது என்று நினைத்திருக்கிறார்கள். அண்ணன் மகளின் காலேஜ் பீஸுக்கு அதை எடுத்துவிட்டால், ஜூலையில் வரி பாக்கி கட்டப் பட்டறையில் பணம் இருக்காது. சிறு நிறுவனங்களில் பங்காளிகளுக்குள் வரும் மனத்தாங்கல்கள் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு எழுதாத பதிவு இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். எடுத்தவர்மேல் குற்றமில்லை, கணக்கு அவருக்கு உண்மையைச் சொல்லவில்லை.

இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. வருமான வரியை வருமானத்திலிருந்து கழிக்கக் கூடாது என்பது சட்டம். வரிக்குரிய வருமானத்தைக் கணக்கிடுபவர் 7,92,000-லிருந்து தொடங்கி, ‘இன்கம்டாக்ஸ்’ தலைப்பில் கழித்த 2,08,000-ஐத் திரும்பக் கூட்ட வேண்டும். அந்தத் தொகை ‘வரிகளும் கட்டணங்களும்’ என்ற பொதுத் தலைப்புக்குள், மாநகராட்சி வரியோடும் லைசென்ஸ் கட்டணத்தோடும் கலந்து கிடந்தால் கூட்டாமல் விட்டுப்போகும். வருமானம் குறைத்துக் காட்டியதாகப் பின்னால் கடிதம் வரும்.

வட்டிக்கு வருவோம். உத்தேசம் எட்டு லட்சத்திலேயே நின்றதால் ஒவ்வொரு தவணையும் குறைந்துவிட்டது. டி.டி.எஸ். போகக் கட்ட வேண்டியிருந்தது 2,20,000. ஜூனில் அதன் 15 விழுக்காடான 33,000 கட்டியிருக்க வேண்டும், கட்டியது 25,000. குறைவு 8,000. அதற்கு மாதம் ஒரு விழுக்காடு வீதம் மூன்று மாத வட்டி 240 ரூபாய். செப்டம்பரில் குறைவு 24,000, வட்டி 720. டிசம்பரில் 40,000, வட்டி 1,200. மார்ச்சில் 50,000, ஒரு மாத வட்டி மட்டும், 500. கூட்டினால் 2,660.

முதல் இரண்டு தவணைகளில் சட்டம் கொஞ்சம் நெகிழ்வு காட்டுகிறது. ஜூனில் 15-க்குப் பதில் 12 விழுக்காடும், செப்டம்பரில் 45-க்குப் பதில் 36 விழுக்காடும் எட்டிவிட்டால் வட்டி இல்லை. நம் பட்டறை ஜூனில் 26,400-ஐ எட்டியிருந்தால் தப்பியிருக்கும். 1,400 ரூபாய்தான் குறைந்தது. ஆனால் அந்த எல்லைக்குக் கீழே போய்விட்டால் வட்டி 12-லிருந்து கணக்காகாது, முழு 15-லிருந்து கணக்காகும்.

இது தவணை தவறியதற்கான வட்டி. இன்னொன்றும் இருக்கிறது. மார்ச் 31-க்குள் கட்டிய மொத்த அட்வான்ஸ் டாக்ஸ், கட்ட வேண்டியதில் 90 விழுக்காட்டைத் தொடவில்லை என்றால், ஏப்ரல் 1 முதல் பாக்கி கட்டும் வரை மாதம் ஒரு விழுக்காடு ஓடும். மாதத்தின் ஒரு நாளும் முழு மாதம்தான். 2,20,000-க்கு 90 விழுக்காடு 1,98,000. பட்டறை கட்டியது 1,70,000. ஜூலையில் பாக்கியைக் கட்டினால் ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என நான்கு மாதங்கள், 50,000-க்கு 2,000 ரூபாய். மார்ச் 15 தாண்டிவிட்டதே என்று கைவிட்டுவிடுகிறார்கள் பலர். மார்ச் 31 வரை கட்டுவதும் அட்வான்ஸ் டாக்ஸாகவே எடுத்துக்கொள்ளப்படும். அந்தக் கடைசிப் பதினைந்து நாளில் இன்னும் 28,000 கட்டியிருந்தால் இந்த 2,000 வந்தே இருக்காது. மார்ச் இரண்டாம் வாரத்தில் விற்பனையையும் செலவையும் ஒருமுறை கூட்டிப் பார்ப்பதால் கிடைக்கும் பலன் இதுதான்.

கணக்கில் இந்த இரண்டு வட்டிகளும் ஒரே ஆண்டில் விழாது. தவணை வட்டி 2,660 மார்ச் 31-க்கு முன்பே உண்டான கடன். அதை 2024-25 கணக்கிலேயே வட்டிச்செலவாக எழுதி, பொறுப்பில் சேர்க்க வேண்டும். ஆகவே அந்த இருப்புநிலைக் குறிப்பில் மொத்தப் பாக்கி 52,660. மற்ற 2,000 ஏப்ரலுக்குப் பிறகு ஓடியது, அடுத்த ஆண்டின் செலவு. இரண்டையுமே வருமானத்திலிருந்து கழிக்க முடியாது என்பதால் வங்கிக் கடன் வட்டியோடு கலக்காமல் தனித் தலைப்பில் வைப்பது பாதுகாப்பு.

2025 ஜூலையில் பட்டறை கட்ட வேண்டியது 54,660 ரூபாய். வட்டியைப் பிறகு பார்ப்போம் என்று 50,000 மட்டும் கட்டினால் வரி தீர்ந்துவிடாது. கட்டிய பணத்தை முதலில் வட்டிக்கும், மீதியைத்தான் வரிக்கும் எடுத்துக்கொள்வார்கள், வரியில் பாக்கி நிற்கும். செலானில் கவனிக்க வேண்டியவை மூன்று. வகை `Self Assessment Tax (300)` ஆக இருக்க வேண்டும், ஜூன் தவணைக்குப் பயன்படுத்திய `Advance Tax (100)` இல்லை. மதிப்பீட்டு ஆண்டு 2025-26 ஆக இருக்க வேண்டும். நிதியாண்டு 2024-25 என்பதால் பலர் 2024-25 என்றே போட்டுவிடுகிறார்கள், பணம் வேறு ஆண்டின் கணக்கில் போய் உட்காரும். மூன்றாவது பான் எண். நிறுவனத்துக்கு ஒரு பான், பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பான். தம்பியின் சொந்த வரியைப் பட்டறையின் வங்கியிலிருந்து கட்டியிருந்தால், அது பட்டறையின் அட்வான்ஸ் டாக்ஸும் ஆகாது, செலவும் ஆகாது. தம்பியின் நடப்புக் கணக்கில் எடுப்பாக எழுத வேண்டிய தொகை அது. ஒரே ஆளின் தனியுரிமைத் தொழிலில் எல்லா வருமான வரியும் இப்படித்தான், தொழிலுக்கென்று தனி வரி கிடையாது, உரிமையாளரின் எடுப்பாகவே எழுதுவார்கள்.

பாக்கி கட்டிய அன்று 2024-25-ஐ மூடும் பதிவு இப்படி வரும்:

வருமான வரி ஒதுக்கு 2024-25 க/கு — பற்று 3,12,000
வட்டிக்கான ஒதுக்கு 2024-25 க/கு — பற்று 2,660
வரி வட்டிச்செலவு 2025-26 க/கு — பற்று 2,000
அட்வான்ஸ் டாக்ஸ் 2024-25 க/கு — வரவு 1,70,000
டி.டி.எஸ். வரவேண்டியது 2024-25 க/கு — வரவு 92,000
வங்கிக் க/கு — வரவு 54,660

ரிட்டர்ன் ஏற்கப்பட்டு ஆணை வரும் வரை இதை மூடாமல் வைப்பவர்களும் உண்டு, அதுவும் தவறில்லை. அப்படி வைத்தால் ஜூலையில் கட்டியதைச் சுயமதிப்பீட்டு வரி 2024-25 என்ற கணக்கில் சொத்தாகவே நிறுத்தி வைக்க வேண்டும். எப்படி இருந்தாலும் மூடுவதற்கு முன் வருமான வரித் தளத்தில் `Form 26AS` படிவத்தை இறக்கிப் பார்த்துவிட வேண்டும். பட்டறையின் பேரேட்டில் உள்ள 92,000 அங்கேயும் 92,000 ஆக இருக்க வேண்டும். ஒரு கம்பெனி பிடித்த பணத்தைக் கட்டாமல் இருந்தாலோ, தவறான பான் எண்ணில் கட்டியிருந்தாலோ அங்கே குறையும். பேரேட்டை மட்டும் நம்பி ரிட்டர்ன் போட்டால் அந்தக் குறைவு பட்டறையின் தலையில் பாக்கியாக விழும். கம்பெனியின் கணக்காளரைக் கூப்பிட்டு அவர்களின் டி.டி.எஸ். அறிக்கையைத் திருத்தச் சொல்வதுதான் வழி.

ஒதுக்கு வைத்த வரியும் கடைசியில் வரும் வரியும் சில சமயம் ஒன்றாக இராது. ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வரிக்கணக்கில் ஏற்க மாட்டார்கள். டூல் பிட் வாங்க 25,000-ஐ ரொக்கமாகக் கொடுத்திருந்து, அது கணக்கை முடித்த பிறகே தெரிந்தது என்றால் 7,800 ரூபாய் வரி கூடும். அதற்காக மூடிய ஆண்டைத் திறக்க வேண்டாம். நடப்பு ஆண்டில் ‘முந்தைய ஆண்டு வரி’ என்று தனியாக எழுதினால் போதும், இந்த ஆண்டின் வரிச்செலவோடு கலக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

மூடும் பதிவை எழுதியபின் 2024-25 என்று பெயர் தாங்கிய ஒவ்வொரு கணக்கிலும் இருப்பு சுழியாக வேண்டும். எதிலாவது ஒரு தொகை நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடலாம். இந்த ஜூலைப் பதிவுக்கு முன்பே, ஜூனில், புதிய ஆண்டின் முதல் தவணையாக 33,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. அது அட்வான்ஸ் டாக்ஸ் 2025-26 என்ற வேறொரு கணக்கில் இருக்கிறது.